ஏழாவது வரி

அந்தக் கிளினிக்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. டாக்டருக்கு அவள் சிஸ்டர். நோயாளிகளுக்குச் சர்க்கரை சிஸ்டர். சர்க்கரை நோய்க்கு மட்டுமே ஆன கிளினிக்கில் வேறு என்ன சிஸ்டராக இருந்துவிட முடியும் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. டாக்டர் மூன்று நிமிடத்தில் மருந்தை எழுதித் தள்ளிவிடுவார். அதை எப்போது விழுங்குவது, எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்று கால் மணி நேரம் உட்கார்ந்து காதில் ஏற்றுவது இவள் பாடு.

அதற்கென்று ஒரு தாள் இருந்தது. புது மாத்திரை ஒன்றைத் தொடங்குகிறவர்களுக்கு ஏழு வரிகள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சின்னக் கட்டம். சொல்லி முடித்ததும் கட்டத்தில் டிக் போட்டு, அடியில் கையெழுத்துப் போட்டு, ஃபைலில் சேர்க்க வேண்டும். முதல் ஆறு வரிகள் பச்சைப்பிள்ளைக்குக்கூடச் சொல்லலாம். காலையில் போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்ச்சலோ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், அந்த மாதிரி. ஏழாவதுதான் வில்லங்கம்.

அந்த மாத்திரை உடம்பில் இருக்கும் அதிகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். தள்ளுவது நல்லதுதான். ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீரில் ஒரு சொட்டு ஆணுறுப்பின் முன்தோலுக்கு உள்ளே தங்கிவிட்டால், பூஞ்சைக்கு அதைவிட வசதியான குடித்தனம் கிடையாது. இருட்டு, ஈரம், சூடு, இனிப்பு. நுனி சிவந்து, அரித்து, வெள்ளையாகப் படிந்து, ஆளைப் பாடாய்ப் படுத்திவிடும். அதனால் தினமும் தோலைப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தோலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் ஏழாவது வரி.

இதை அவள் வாரத்துக்கு நாற்பது ஆண்களிடம் சொன்னாள். வங்கி மேனேஜரிடம் சொன்னாள், மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ரிட்டயர்டு போலீஸ்காரரிடம் சொன்னாள், மதப் பிரசங்கம் செய்பவரிடம்கூடச் சொன்னாள். அவர்கள் நெளிவார்கள், கூரையில் மின்விசிறியை எண்ணுவார்கள். இவள் மட்டும் பஸ் டைம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பாள். "வெட்கப்பட்டா வியாதிக்குக் கொண்டாட்டம்" என்பது அவள் வாய்ப்பாடு.

இத்தனை பேச்சும் பேசிய வாய்தான், ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் ஒரே ஒரு ஆளிடம் கட்டிப்போட்டது போல் நின்றுவிட்டது. அந்த ஆள் அவளுடைய மாமனார்.

மாமா அரசு பஸ் டிரைவர். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் பாக்கி. சர்க்கரை வந்து பதினோரு வருடம். மருமகள் வேலை பார்க்கும் இடத்திலேயே காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. வீட்டில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: அவள் சமையலறையில் இருந்தால், வாசலுக்கு நாலடி முன்னாலேயே ஒரு தடவை செருமுவார். வருகிறேன் என்று சொல்கிற செருமல். துணி விலகியிருந்தால் சரிசெய்துகொள்ள, பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திக்கொள்ள அவளுக்கு நேரம் கொடுக்கிற செருமல். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை.

அன்றைக்கு அவள் ஆறு வரிகளையும் சொல்லி முடித்தாள். மாமா சீருடையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது வரியில் அவள் பேனா நுனி நின்றது. அதைப் பார்த்தாரோ என்னவோ, மாமா செருமினார். அதே செருமல்.

அவ்வளவுதான். அவள் வாயில் வேறு வார்த்தை வந்தது. "மத்தபடி எப்பவும்போல சுத்தமா இருந்துக்கோங்க மாமா."

"அது இல்லாமலாம்மா" என்று எழுந்தார் அவர்.

அவள் ஏழாவது கட்டத்திலும் டிக் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். மதியத்துக்கு மேல் வேறு யாரையாவது விட்டு அவரிடம் சொல்ல வைக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த முறை வரும்போது தானே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அடுத்த முறை வரவேயில்லை. தள்ளிப் போட்ட வேலைக்குத் தானாக நடக்கிற பழக்கம் கிடையாது.

ஒன்றரை மாதம் கழித்துச் சின்னச் சின்ன மாற்றங்கள் வீட்டில் தெரிந்தன. மாமா குளியலறையில் அரை மணி நேரம் இருந்தார். வெளியே வந்தால் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற கிருமிநாசினி வாடை. வண்டியை விட்டு இறங்கி வருகிறவர் கால்களை அகட்டி வைத்து நடந்தார். சாப்பிட உட்கார்ந்தால் இடுப்பை இப்படியும் அப்படியும் மாற்றினார். வேறு யார் வீட்டு ஆளாக இருந்தாலும் சர்க்கரை சிஸ்டர் வாசற்படியிலேயே கண்டுபிடித்திருப்பாள். இங்கே அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள். நர்ஸ் வேலையைக் கிளினிக் ஹேங்கரில் மாட்டிவிட்டு வருகிறவளாக இருந்திருந்தால் மன்னிக்கலாம். அவளோ பக்கத்து வீட்டுக் குழந்தையின் தும்மலுக்குக்கூட யோசனை சொல்கிறவள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் மாமியார், அத்தை, ஒரு ட்யூபைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினாள். மாமாவின் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் கிடைத்ததாம். பாதிக்கு மேல் பிதுக்கி, வாலைச் சுருட்டி வைத்திருந்த ட்யூப்.

"இது எதுக்குப் போடற மருந்தும்மா?"

அவள் படித்துப் பார்த்தாள். மெடிக்கல் ஷாப்பில் படை என்று சொன்னால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கிரீம். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அரிப்பை அமுக்க ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றையும் ஒன்றாகக் கலந்தது. போட்ட நாலு நாளில் சுகமாக இருக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"அரிப்புக்கு அத்தை."

"எங்க வர்ற அரிப்புக்கு?"

அத்தை நேராக அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். கேட்ட விதத்திலேயே பதில் அத்தையிடமே இருந்தது தெரிந்தது. உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

"படை, வேர்க்குரு, எல்லாத்துக்கும் போடுவாங்க. எஞ்சின் சூட்டுல உக்காந்தே இருக்காரில்ல" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அத்தை முன்னறையில் பாய் போட்டுப் படுத்தாள். மாமாவுக்குத் தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். முப்பத்தி மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள். மாமா இரண்டு நாளைக்கு ஒரு தடவை வெளியூர் ஸ்பெஷல் வண்டி ஓட்டப் போய் அங்கே டிப்போவில் தங்குகிறவர். கணக்கு எப்படிப் போட்டிருப்பாள் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. கொடுமை என்னவென்றால் மாமா மறுக்கவில்லை. எதை மறுப்பது? தனக்கு வந்தது என்ன, எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. தப்புச் செய்யாத மனிதர் தப்புச் செய்தவர்போல் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

சிஸ்டர் தன் கணவனுக்குப் போன் செய்தாள். அவனுக்கு வேறு ஊரில் வேலை. மாதம் இரண்டு தடவை வருவான்.

"உங்கப்பாகிட்ட நீங்க கொஞ்சம் பேசுங்களேன். அந்த எடத்துல ஏதோ இன்ஃபெக்ஷன் மாதிரி தெரியுது."

"நானா? எங்கப்பாகிட்ட நான் கிரிக்கெட் ஸ்கோரத் தவிர வேற பேசினதே இல்ல. நீதானே சிஸ்டர்? தெனம் நாலு பேருக்குச் சொல்றவதானே? நீயே சொல்லிடு."

"ஆமா, நான்தானே" என்றாள் அவள். அவன் குத்திக்காட்டவில்லை, ஆனாலும் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை பெட்டிக்குள் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் இருக்கப் போகிறாளாம். பத்துப் புடவை அடுக்குகிறவள் நாலு நாளில் திரும்பி வருகிறவள் இல்லை. "செவ்வாக்கெழம தம்பி வண்டி கொண்டு வர்றான்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் சிஸ்டருக்கு உறைத்தது. அப்போதும் நேராகப் போய்ச் சொன்னாளா? இல்லை. "மாமா, மூணு மாச டெஸ்ட் பாக்கி இருக்காம். டாக்டர் நாளைக்கு வரச் சொன்னாரு" என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை காலை அவர் ஃபைலுக்குள் ஒரு துண்டுத்தாள் வைத்தாள். 'அந்தரங்க உறுப்பில் அரிப்பு இருக்கலாம். கேட்கவும்.' மனிதரிடம் பேச வேண்டியதைத் தாளிடம் பேசுவதில் அவள் அதற்குள் தேர்ந்துவிட்டிருந்தாள்.

டாக்டர் முன்கோபக்காரர், ஆனால் கை மென்மை. துண்டுத்தாளைப் படித்தார், மாமாவைப் பார்த்தார், திரையை இழுத்துவிட்டார். சிஸ்டர் திரைக்கு வெளியே, ட்ரேயைக் கையில் பிடித்தபடி நின்றாள். உள்ளே பெல்ட் கழற்றுகிற ஓசை. அப்புறம் டாக்டரின் குரல்.

"எத்தன மாசமா இப்படி?"

"நாலு மாசம் இருக்குங்க. வருது, போவுது, வருது."

"நல்லா செவந்திருக்கு. வெள்ளையா படிஞ்சிருக்கு. தோல் ஓரமெல்லாம் வெடிச்சிருக்கு. தோலப் பின்னால தள்ள முடியுதா? மெதுவா... சரி, வருது. வலிக்குதா? என்னென்ன போட்டீங்க?"

"மெடிக்கல்ல குடுத்த கிரீமுங்க. மூணு ட்யூப் ஆச்சு. அப்புறம்... கிருமிநாசினி ஊத்திக் கழுவினேன். சோப்பு போட்டு நல்லா தேச்சேன். தெனம் ரெண்டு தடவ."

"எதுக்கு ஐயா இந்த வேல? அது என்ன தரையா?"

"சுத்தமா இருக்கணும்னுதாங்க."

சுத்தமாக இருந்துக்கோங்க மாமா. அவள்தான் சொன்னாள். எதை, எப்படி என்று சொல்லாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினாள். வெந்த இடத்தில் நாலு மாதமாகக் கிருமிநாசினியை ஊற்றிக்கொண்டிருந்தது அந்தச் சொல்.

டாக்டர் ஒரு பஞ்சுக் குச்சியால் சோதனைக்கு மாதிரி எடுத்து அவளிடம் நீட்டினார். மாமா உடை சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது தப்பான எடத்துக்குப் போனதால வந்த வியாதியான்னு பயந்தீங்களா?" என்றார் டாக்டர்.

நான் எங்கேயும் போகலியே, அப்புறம் எப்படி வந்தது என்று மாமாவின் முகம் கேட்டது.

"பாத்தா பூஞ்சதான். டெஸ்ட்லயும் உறுதி பண்ணிக்கலாம். சர்க்கர இருக்கிற ஆம்பளைங்களுக்கு சாதாரணமா வர்றது. இந்த மாத்திரையில கொஞ்சம் கூடுதலாவே வரும். ஆறற வரைக்கும் இத நிறுத்தி வேற தர்றேன், அப்புறம் யோசிப்போம். அந்த ட்யூபத் தூக்கி எறிங்க. பூஞ்சைக்கு மட்டும் ஒரு கிரீம் எழுதறேன். காலையில ஒரு தடவ, படுக்கப்போறப்ப ஒரு தடவ. ரெண்டு வாரம். அரிப்பு நின்னு போச்சுன்னு அஞ்சாம் நாள் நிறுத்தினீங்க, ஆறாம் நாள் திரும்ப வரும். சோப்பு வேணாம், கிருமிநாசினி வேணவே வேணாம். வெதுவெதுப்பான தண்ணி போதும். தோலத் தள்ளிக் கழுவி, ஒத்தித் தொடச்சு, தோல மறுபடி முன்னால கொண்டு வந்துடணும். அத மறந்து அப்படியே விட்டா வீங்கி மாட்டிக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஒண்ணுக்குப் போனதும் கடைசிச் சொட்ட ஒரு டிஷ்யூல ஒத்தி எடுங்க. டிப்போல அவசர அவசரமா ஜிப்பப் போடாதீங்க. உள்ளாடை பருத்தி. ஈரமானா மாத்தணும். சர்க்கரயையும் கட்டுக்குள்ள வைக்கணும். இதெல்லாம் செஞ்சா திரும்பத் திரும்ப வராது. வீட்டம்மாவுக்கு அரிப்பு, வெள்ளைபடுதல் ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் மாமா, கேள்வி முடிவதற்குள்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். அந்தத் தாள் வந்தது. ஏழு கட்டம், ஏழு டிக், அடியில் கையெழுத்து. டாக்டரின் முன்கோபம் விழித்துக்கொண்டது.

"ஏன் ஐயா, இதயெல்லாம் ஆரம்பத்துலயே சொல்லியிருக்காங்களே! இந்தா டிக் போட்டிருக்கு. உங்க மருமகளே ஒக்காந்து சொல்லியிருக்காங்க. ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டா எப்படி? சொன்னாங்களா இல்லியா?"

மாமா அந்தத் தாளைப் பார்த்தார். ஏழாவது வரியை உதடு அசையப் படித்தார். படித்து முடித்துவிட்டு, ஒரு கணம் சிஸ்டரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"சொன்னாங்க" என்றார். "எனக்குத்தான் மறந்துபோச்சுங்க."

இப்போதாவது வாயைத் திறந்தாளா? இல்லை. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மாமா திட்டு வாங்கினார், தொப்பியை எடுத்துக்கொண்டார், வெளியே போனார். அவள் ட்ரேயைக் கழுவி வைத்தாள். இதுவரை சொல்லாமல் விட்டவள், இப்போது திருடியும் விட்டாள் என்று அவளுக்கே தோன்றியது. ஐம்பத்தெட்டு வயது மனிதரின் மானத்தை எடுத்துத் தன் கையெழுத்துக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. அவர் நடந்து போன விதத்தை நினைத்தால் அழுகை வந்தது. அழக்கூட யோக்கியதை இல்லை என்று அதையும் விழுங்கினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது பெட்டி வாசலுக்கு அருகே வந்திருந்தது. அத்தை அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மாமா எதிரே, கையில் புது மருந்துச் சீட்டோடு. சீட்டைத் தீர்ப்பு நகல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தார்.

"சர்க்கரையாலதான் வந்துச்சாம். டாக்டரே சொல்லிட்டார். வேற ஒண்ணும் இல்ல. இத முன்னாடியே சொல்லியிருக்காங்க. மருமக அப்பவே சொன்னா. நான்தான் கவனிக்கல."

நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். பாவம், தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டார். அத்தை ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை.

"அப்பவே சொன்னாளா?" என்றாள் நிதானமாக. "சர்க்கரைக்காரங்களுக்கு இது வரும்னு அஞ்சு மாசம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும். அப்படித்தானே?"

"ஆமா... தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு மறைச்சீங்க? கால்ல புண்ணு வந்தப்ப ஊருக்கே காட்டினீங்களே, பல்லு ஆடினப்ப என்னை டார்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னீங்களே. இத மட்டும் ஏன் சட்டப் பையில சுருட்டி வெச்சீங்க? சர்க்கரைன்னு தெரிஞ்சவன் மறைக்க மாட்டான். வேற ஏதோ இருக்கு. அதுக்கு டாக்டர் சீட்டக் காட்டி மழுப்பறீங்க."

மருமகளைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை விட்டால் மருமகள் போவாள், வைத்திருந்தால் பெண்டாட்டி போவாள். மாமா எதையும் தேர்ந்தெடுக்காமல் சீட்டை மடித்துக்கொண்டே நின்றார். தம்பி வண்டிக்குக்கூடக் காத்திருக்காமல் இப்போதே போகிறவளாக அத்தை பெட்டியைத் தூக்கினாள்.

"அத்தை, மாமா பொய் சொல்றாரு" என்றாள் சிஸ்டர்.

"விடும்மா" என்றார் மாமா.

"விட்டதாலதான் இவ்வளவும் மாமா. அத்தை, நான் சொல்லவே இல்ல. சொல்லணும். அது என் வேல. நாப்பது பேருக்குச் சொல்றேன். மாமாகிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. சொல்லாமலே சொன்னதா டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவருக்கு இது என்னன்னே தெரியாது. தெரியாததாலதான் மறைச்சாரு. ட்யூபக் கொண்டுவந்து காட்டினீங்களே, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பவும் படைன்னு சொல்லிட்டு ஓடினேன். இன்னிக்கு டாக்டர் இவரத் திட்டினப்பகூட வாயத் தொறக்காம நின்னேன். அவர் எங்கேயும் போகல அத்தை. தப்பு பூரா என்னோடது."

அத்தை பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"எவ்வளவு பெருசு அது? நீ சொல்லாம விட்டது?"

"ஒரு வரிதான் அத்தை."

"சொல்லு."

"இப்பவா?"

"இப்பத்தான். இவர் முன்னாடி. நானும் கேக்கறேன்."

சிஸ்டர் சொன்னாள். பஸ் டைம் சொல்வதுபோல், வங்கி மேனேஜரிடம் சொன்னதுபோல், உறுப்பின் பெயரை உறுப்பின் பெயராகவே சொன்னாள். சிறுநீரில் சர்க்கரை எப்படி வெளியே வருகிறது, தோலுக்கு உள்ளே எப்படித் தங்குகிறது, பூஞ்சை எப்படி வளர்கிறது, எப்படிக் கழுவுவது, எப்படித் துடைப்பது. நடுவில் மாமா செருமினார். அவள் நிறுத்தவில்லை. அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். "திருப்பிச் சொல்லுங்க மாமா" என்றாள். அவர் காலண்டரிடமே, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்.

பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் உள்ளே போய்விட்டார்.

அத்தை பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். திட்டுவாள் என்று சிஸ்டர் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மூணு வாரமா அந்த மனுஷன் மூஞ்சிய நான் பாக்கல" என்றாள் அத்தை. "அதுக்கு முன்னாடியும் பாக்க முடியல. ட்யூபப் பாத்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சுன்னு நெனச்ச? ட்யூபு அப்புறம் வந்தது."

"வேற என்ன அத்தை?"

அத்தை உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் இருக்கு. ரெண்டு மாசமா. அரிப்பு, எரிச்சல். உக்கார முடியல. இவர் எங்கேயோ போய் வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்துட்டார்னு நெனச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ என் புள்ள பொண்டாட்டி. அதான் வெக்கமா இருந்துச்சு."

சிஸ்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அத்தை அவளைத் தொடவில்லை, எழுந்து போகவும் இல்லை. உள்ளே மாமா குழாயைத் திறக்கிற ஓசை கேட்டது. கிருமிநாசினி வாடை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தம்பியின் வண்டி வரவில்லை. வர வேண்டாம் என்று அத்தை போன் செய்துவிட்டாள். ஆனால் பெட்டி பிரிக்கப்படவும் இல்லை. அன்று காலை கிளினிக் திறந்ததும் சிஸ்டர் மாமாவின் ஃபைலை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள். ஏழாவது கட்டத்தில் இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள். டாக்டர் அதைப் படித்தார். கத்தவில்லை. கத்தாதபோதுதான் அவர் உண்மையில் கோபமாக இருப்பார்.

"நேத்து அந்த மனுஷன நான் திட்டினேனே."

"ஆமா டாக்டர்."

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். அது என் பாடு. இப்ப நீங்க சொல்லுங்க. இந்த மாதிரி டிக் போட்டு விட்டது மொத்தம் எத்தன பேருக்கு? மறைக்காம சொல்லுங்க சிஸ்டர்."

ஒருத்தருக்குத்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். திறந்திருந்த கதவு வழியே வரவேற்பறை பெஞ்சு தெரிந்தது. அத்தை அங்கே டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"டிக் ஒண்ணுதான். அனுபவிச்சது ரெண்டு பேர் டாக்டர்" என்றாள்.